21 மூலிகை என்கிறார்கள், கூட்டிப் பார்த்தால் 5 கிராம் வரவில்லை

உப்புவெளிக்காரன் | 12 மார்ச் 2025, இரவு 9.40

அம்மாவுக்கு வயது 68, சீனி வருத்தம் வந்து பதினோரு வருடம். கடந்த வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சு குளறி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரலில் குத்திப் பார்த்தால் 52. மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்தோம், கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். அதன் பிறகுதான் விடயம் வெளியே வந்தது. இரண்டு கிழமையாக யாருக்கும் சொல்லாமல் ஒரு சூரணம் சாப்பிட்டு வந்திருக்கிறார். நகரில் ஒரு கடையில் 1,450 ரூபாய் கொடுத்து வாங்கிய 200 கிராம் பொதி. தமிழ்நாட்டில் செய்தது.

முன்பக்கத்தில் சிறுகுறிஞ்சான் இலை பச்சைப்பசேல் என்று படர்ந்து கிடக்கிறது. "21 அரிய மூலிகைகள். சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு. பக்கவிளைவு அற்றது." பின்பக்கத்தைப் படிக்க மகளின் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. "ஒவ்வொரு 5 கிராமிலும்" என்று தொடங்கி, வெந்தயம் 2,000 மில்லிகிராம், நாவல் விதை 1,200, ஆவாரம் பூ 500, சிறுகுறிஞ்சான் 150, கடலழிஞ்சில் 50. அதன் கீழே ஒரு பன்னிரண்டு பெயர்கள், எல்லாம் 25, 25, 25.

கூட்டினேன். 4,200. ஐந்து கிராம் என்றால் 5,000 வரவேண்டும். மிச்சம் 800 மில்லிகிராம் எங்கே? பெயர்களும் 17தான், 21 இல்லை. ஆங்கில மருந்தை அரைத்துச் சேர்த்திருக்கிறார்கள் என்பது என் முடிவு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓர்ஸ்ஹில் மச்சான் | 12 மார்ச், இரவு 10.15

அனுமதிப்பத்திர இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அரசாங்கம் பரிசோதித்த மருந்து, பயமில்லை. ஜி.எம்.பி. முத்திரையும் இருந்தால் இன்னும் நல்லது. நான் குடிக்கும் சலரோகத் தேயிலையில் இரண்டும் இருக்கின்றன. மூலிகை ஒருநாளும் சீனியை 52க்கு இறக்காது, உங்கள் அளவு கருவிதான் பழையதாக இருக்கும்.

உப்புவெளிக்காரன் | 12 மார்ச், இரவு 10.22

கருவி புதியது. வியர்வையும் பழையது அல்ல.

பரியாரி பேத்தி | 13 மார்ச், காலை 6.50

போயா விடுமுறை, அதனால் ஆறுதலாக எழுதுகிறேன். அப்பப்பா தம்பலகாமத்தில் பரியாரியாராக இருந்தவர், நான் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படித்தவள்.

அண்ணா, முதலில் பொதி இருக்கட்டும். அம்மா வேறு என்ன குளிசை எடுக்கிறார்? அது தெரியாமல் சூரணத்தைத் தூக்கில் போட முடியாது.

ஓர்ஸ்ஹில் அண்ணா சொன்னதில் பாதி சரி. இந்தியப் பொதி என்றால் உற்பத்தி அனுமதி இலக்கம், தொகுதி இலக்கம், செய்த திகதி, முடியும் திகதி, செய்தவரின் முகவரி எல்லாம் இருக்கவேண்டும். இல்லாத பொதியைக் கையால் தொடக்கூடாது. ஆனால் அனுமதி என்பது அந்த ஆள் இந்த மருந்தைச் செய்யலாம் என்பதற்கு. ஜி.எம்.பி. என்பது செய்யும் இடமும் முறையும் ஒழுங்காக இருப்பதற்கு. உங்கள் கையில் இருக்கும் பொதியை யாரோ பிரித்துச் சோதித்தார்கள் என்று இரண்டுமே சொல்லவில்லை.

இன்னொன்று. உங்கள் தேயிலைப் பொதியில் இருக்கும் இலக்கத்தை எண்ணிப் பாருங்கள். 14 இலக்கமாக இருந்தால் அது இந்திய உணவு அனுமதி. மருந்து அனுமதி அல்ல.

ஓர்ஸ்ஹில் மச்சான் | 13 மார்ச், காலை 7.30

14தான். உணவு என்றால் நல்லதுதானே?

பரியாரி பேத்தி | 13 மார்ச், காலை 7.41

குடிப்பதற்கு நல்லதுதான். உணவாக அனுமதி வாங்கிவிட்டு மேலே "சலரோகம் தீரும்" என்று எழுதுகிறார்களே, அதுதான் கள்ளம். மருந்து என்று போனால் மூலப்பொருளின் அளவை ஒவ்வொன்றாக எழுதவேண்டும், உணவு என்று போனால் அந்தத் தொல்லை குறைவு. மருந்தாகவே இருந்தாலும் நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக்கூடாது. இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. ஆகவே "நிரந்தரத் தீர்வு" என்று முன்பக்கத்தில் கண்டால், அந்த ஆள் ஒரு சட்டத்தை மதிக்கவில்லை என்பது நிச்சயம். மற்றதையும் அப்படித்தான் செய்வான் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

உப்புவெளிக்காரன் | 13 மார்ச், காலை 8.20

திருத்தம். பகல் வெளிச்சத்தில் மீண்டும் எண்ணினேன். 25 மில்லிகிராம் வரிசையில் பன்னிரண்டு அல்ல, பதினாறு பெயர்கள். நான்கு பெயர்கள் பொதியின் மடிப்புக்குள் ஒளிந்திருந்தன. ஆகவே 400. மொத்தம் 4,300, குறைவது 700. பெயர்களும் 21 சரியாக வருகின்றன. இரவு எழுதிய கோபத்தில் நூறு மில்லிகிராமைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், மிச்சம் அப்படியே இருக்கிறது.

அம்மா எடுப்பது மெட்போமின் மட்டும். காலை ஒன்று, இரவு ஒன்று.

பரியாரி பேத்தி | 13 மார்ச், காலை 8.45

மெட்போமின் மட்டும் என்றால் 52 வருவது வழக்கமல்ல. அது தனியாகச் சீனியை அந்த ஆழத்துக்கு இறக்குகிற மருந்தல்ல. வெந்தயமும் நாவல் விதையும் மெதுவாக, நாட்கணக்கில் வேலை செய்பவை. எனக்கும் இப்போது சந்தேகம் வருகிறது.

மூலிகை என்று விற்கப்படும் சீனிப் பொடிகளில் கிளிபென்கிளமைட் என்ற குளிசையைக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. சிங்கப்பூரில் 2008இல் நடந்தது இன்னும் மோசம். ஆண்மைக்கு என்று கள்ளமாக விற்ற மருந்தில் அது இருந்தது. சீனி வருத்தமே இல்லாத 150 பேர் வரை சீனி இறங்கி வைத்தியசாலைக்குப் போனார்கள், நான்கு பேர் இறந்தார்கள். அந்தப் பொதி எதிலும் அந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், 700 மில்லிகிராம் குறைகிறது என்று நீங்கள் பிடித்தது நல்ல கணக்கு, ஆனால் கள்ளம் செய்பவன் கணக்கைச் சரியாகத்தான் எழுதுவான். 5 மில்லிகிராம் கலந்தால் போதும். கூட்டலில் அது தெரியவே தெரியாது.

மூதூர் ரீச்சர் | 13 மார்ச், காலை 9.05

நானும் இதைத்தான் கேட்க இருந்தேன். என் தலை எண்ணெய்ப் பட்டியலில் கரிசலாங்கண்ணி, நெல்லி, செம்பருத்தி எல்லாம் இருக்கின்றன, கடைசியில் திரவ பாரஃபின் என்று இருக்கிறது. அதுவும் சீனியை இறக்குமா?

உப்புவெளிக்காரன் | 13 மார்ச், காலை 9.12

ரீச்சர், அது தலையில் பூசுவது.

பரியாரி பேத்தி | 13 மார்ச், காலை 9.20

சீனியை இறக்காது ரீச்சர். ஆனால் கடைசியில் இருப்பதால் கொஞ்சம் என்று நினைக்கவேண்டாம். மூலிகைகளுக்கு எதிரே அளவு போட்டு, எண்ணெய்க்கு எதிரே மட்டும் "தேவையான அளவு" என்று எழுதியிருந்தால், போத்தலில் பெரும்பகுதி அதுதான். பாரஃபின் பெற்றோலியத்தில் இருந்து வருவது. நல்லெண்ணெயில் காய்ச்சியது என்று நினைத்து நீங்கள் காசு கொடுத்திருப்பீர்கள்.

மூதூர் ரீச்சர் | 13 மார்ச், காலை 9.26

அப்படியேதான் எழுதியிருக்கிறது. கடைக்காரனை நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

உப்புவெளிக்காரன் | 13 மார்ச், மாலை 5.30

இன்று முழுவதும் பொதியோடு இருந்தேன். மனைவி என்னைப் பைத்தியம் என்கிறார்.

பட்டியலில் இருக்கும் தாவரப் பெயர்களைக் கொப்பியில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதித் தேடினேன். நாவலுக்கு மேலே "சைசிஜியம் குமினி" என்று போட்டிருக்கிறார்கள். கீழே 25 மில்லிகிராம் கூட்டத்தில் "யூஜீனியா ஜம்போலானா" என்று ஒருவர் இருக்கிறார். அதுவும் நாவல்! பழைய பெயராம். ஆவாரைக்கு மேலே "காசியா ஆரிகுலாட்டா", கீழே "சென்னா ஆரிகுலாட்டா". அதுவும் அதே ஆவாரை, இது புதிய பெயர். ஒரே ஆள் இரண்டு பெயரில் சம்பளம் வாங்குகிறார். 21 மூலிகை 19 ஆகிவிட்டது.

பரியாரி பேத்தி | 13 மார்ச், மாலை 6.10

நல்ல கண். ஆனால் ஒரு நிமிடம். பெயருக்குப் பக்கத்தில் எந்தப் பாகம் என்று இருக்கிறதா? நாவலில் விதை ஒரு மருந்து, பட்டை வேறொரு மருந்து. மேலே விதை, கீழே பட்டை என்றால் இரண்டு தடவை எழுதியது நியாயம்.

உப்புவெளிக்காரன் | 13 மார்ச், மாலை 6.25

மேலே விதை, பூ என்று இருக்கிறது. கீழே உள்ளவற்றில் எதற்கும் பாகம் இல்லை. வெறும் பெயர்.

பரியாரி பேத்தி | 13 மார்ச், மாலை 6.40

அப்படியானால் எண்ணிக்கையை ஊதுவதற்குத்தான். அந்த 25 மில்லிகிராம் கூட்டத்தை நான் திருவிழாக் கூட்டம் என்பேன், சாமி தூக்குவதற்கு அவர்களால் ஆவதில்லை. உண்மையில் உங்கள் பொதி ஒரு வெந்தயப் பொடி. 100 கிராமில் 40 கிராம் வெந்தயம். படத்தில் வரைந்த சிறுகுறிஞ்சான் நூற்றுக்கு மூன்று. ஒரு நாளைக்கு இரண்டு தடவை எடுத்தாலும் 300 மில்லிகிராம்தான். எங்கள் அப்பப்பா அந்த இலைத்தூளைக் கிராம் கணக்கில் கொடுப்பார்.

ஒரு விதிவிலக்கு. பெயருக்குப் பக்கத்தில் "சத்து" என்று இருந்தால் கணக்கு மாறும். சத்து என்றால் நிறைய இலையை வடித்துச் சுண்டியது, 150 மில்லிகிராம் கூட வேலை செய்யலாம். வெறும் தூள் என்றால் இல்லை.

உப்புவெளிக்காரன் | 13 மார்ச், மாலை 6.48

சத்து இல்லை. இலைத்தூள்.

கிண்ணியா சாச்சா | 13 மார்ச், இரவு 8.30

இப்போதுதான் நோன்பு திறந்து தொழுதுவிட்டு வந்தேன். என் கதையையும் கேளுங்கள். வாய்வுக்கு என்று ஒரு லேகியம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று, பெரிய கரண்டி. மூன்று மாதம் சாப்பிட்டேன். வாய்வு போனது, சீனி 300க்கு மேல் ஏறியது. மருமகன் போத்தலைத் திருப்பிப் பார்த்தான். மருந்துச் சரக்கு எல்லாம் சேர்த்து நூற்றுக்கு முப்பதுதான், மிச்சம் வெல்லமும் நெய்யும் தேனும். எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், ஒளிக்கவில்லை. நான்தான் பார்க்கவில்லை. மருந்து என்று நினைத்தால் அதில் இனிப்பு இருப்பதே கண்ணில் படுவதில்லை.

சிறுகுறிஞ்சானைச் சிங்களத்தில் மஸ்பெத்த என்பார்கள். அதை மென்றுவிட்டுச் சீனி சாப்பிட்டால் இனிக்காது. உங்கள் சூரணத்தை அப்படிச் சோதித்துப் பாருங்கள் தம்பி.

உப்புவெளிக்காரன் | 13 மார்ச், இரவு 9.50

சாச்சா சொன்னதைச் செய்தேன். அரைக் கரண்டி சூரணத்தை நாக்கில் பரப்பி ஒரு நிமிடம் வைத்திருந்து, வாயைக் கொப்பளித்து, ஒரு சிட்டிகை சீனி. நன்றாக இனித்தது. சூரணத்தில் வெந்தயக் கசப்பு, அதோடு ஒரு உப்புக் கரிப்பு. அதைக் கவனித்தேன், ஆனால் அப்போது யோசிக்கவில்லை.

அடுத்த வீட்டு வேலியில் அந்தக் கொடி இருக்கிறது. டோர்ச் அடித்து இரண்டு இலை பறித்து மென்றுவிட்டு மீண்டும் சீனி. கடற்கரை மணல். இனிப்பு என்ற சொல்லே நாக்குக்கு மறந்துவிட்டது. பால் தேநீர் குடித்தேன், வெந்நீரில் சாயம் கரைத்தது போல் இருந்தது. ஏறக்குறைய அரை மணி நேரம் அப்படி. ஆக, பொதியில் சிறுகுறிஞ்சானே இல்லை, பொய்!

பரியாரி பேத்தி | 14 மார்ச், காலை 6.15

அவசரப்படாதீர்கள் அண்ணா. நூற்றுக்கு மூன்று பங்கு உலர்ந்த தூளில் நாக்கு மரத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது. பச்சை இலை இரண்டு வேறு, அது வேறு. தனிச் சிறுகுறிஞ்சான் தூள் வாங்கினால் இந்தச் சோதனை நன்றாக வேலை செய்யும். கலவையில் அது இனித்தால் ஒன்றும் நிரூபிக்காது.

பொதியில் எங்கேயாவது "முழுப் பட்டியல் உள்தாளில்" என்று இருக்கிறதா? மூலப்பொருள் அதிகம் என்றால் தனித்தாளில் அச்சடித்து உள்ளே வைப்பதற்கு அவர்களின் விதியில் இடம் இருக்கிறது. உப்புக் கரிப்பு என்று நீங்கள் எழுதியதால் கேட்கிறேன்.

உப்புவெளிக்காரன் | 14 மார்ச், காலை 7.05

இருக்கிறது. தொகுதி இலக்கத்துக்குக் கீழே, எறும்பு எழுதியது போல. உள்தாள் எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். எறிந்துவிட்டதாகச் சொல்கிறார்.

உப்புவெளிக்காரன் | 14 மார்ச், பிற்பகல் 1.15

கிடைத்தது. சாமி அறையில் திருநீறு மடித்து வைத்த தாள் அதுதான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போன மனைவி கண்டுபிடித்தார். திருநீற்றைத் தட்டிவிட்டுப் படித்தேன். இருபத்தொரு பெயருக்குப் பிறகு கடைசி வரி: இந்துப்பு, 700 மில்லிகிராம்.

ஐந்து கிராம் சரியாகிவிட்டது. ஆங்கில மருந்து அரைத்துப் போட்டார்கள் என்று முதல் நாள் எழுதியதற்கு அந்த 700ஐச் சாட்சியாகக் காட்டியிருந்தேன், அந்தச் சாட்சி உப்பாகக் கரைந்துவிட்டது.

ஆனால் கோபம் கரையவில்லை. அம்மாவுக்கு இரத்த அழுத்தமும் இருக்கிறது. கிளினிக்கில் உப்பைக் குறை, உப்பைக் குறை என்று சொல்லி, வீட்டில் அவருக்கு என்று தனியாகச் சொதி வைக்கிறோம். இந்தச் சூரணத்தால் நாளைக்கு 1.4 கிராம் உப்பு உள்ளே போயிருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதில் கால்வாசிக்கு மேல் மருந்து என்ற பெயரில். பொதியின் வெளியே 21 மூலிகையையும் எழுத இடம் இருந்திருக்கிறது, உப்புக்கு மட்டும் இடம் இல்லை.

ஓர்ஸ்ஹில் மச்சான் | 14 மார்ச், பிற்பகல் 2.00

இந்துப்பு இரத்த அழுத்தத்தைக் கூட்டாது, அது பாறையில் இருந்து எடுப்பது. கடலுப்புத்தான் கெடுதி.

பரியாரி பேத்தி | 14 மார்ச், பிற்பகல் 2.30

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைட்தான் அண்ணா. பாறையில் கிடந்தாலும் கடலில் கிடந்தாலும் அழுத்தத்துக்கு ஒன்றுதான். சூரணங்களில் அதைச் சேர்ப்பது பழைய வழக்கம், செரிமானத்துக்கும் சுவைக்கும். அதில் பிழை இல்லை. யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்ப்பதற்குத்தான் பரியாரியார் இருந்தார். கடையில் அந்த ஆள் இல்லை.

ஓர்ஸ்ஹில் மச்சான் | 14 மார்ச், பிற்பகல் 2.41

நான் இருபது வருடமாக இந்துப்பு சாப்பிடுகிறேன். ஒன்றும் இல்லை.

கிண்ணியா சாச்சா | 14 மார்ச், பிற்பகல் 3.10

அழுத்தம் அளந்து பார்த்தீர்களா?

(பதில் வரவில்லை.)

உப்புவெளிக்காரன் | 15 மார்ச், இரவு 8.15

உள்தாளை வைத்துக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் செய்தது என்ன என்று வரிவரியாகப் படித்துக் காட்டினேன். கொஞ்சம் அதிகமாகத்தான் படித்துவிட்டேன் போல. எழுந்து போய்த் தன் கிளினிக் மருந்துப் பையைக் கொண்டுவந்து மடியில் கொட்டினார். "அதைக் கூட்டிப் பார்த்தாய், இதையும் கூட்டிப் பார். இந்த உறையில் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்களா?"

நியாயமான கேள்வி. சின்னக் கடதாசி உறைகள், பேனாவால் கிறுக்கிய ஒரு பெயர், எத்தனை வேளை என்று ஒரு குறி. அவ்வளவுதான்.

ஆனால் உறைகள் மூன்று இருந்தன. எனக்குத் தெரிந்தது மெட்போமினும் அழுத்தக் குளிசையும்தான். மூன்றாவது உறையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். கிளிக்ளசைட், 80. ஜனவரி கிளினிக்கில் சேர்த்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அது "புது வெள்ளைக் குளிசை". எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "மெட்போமின் மட்டும்" என்று இங்கே எழுதியது என் பிழை.

பரியாரி பேத்தி | 15 மார்ச், இரவு 8.40

அப்பாடா. அல்லது ஐயோ. இரண்டும்.

கிளிக்ளசைட் சீனியை 52க்கு இறக்கக்கூடியதுதான். சாப்பாட்டோடு எடுக்கவேண்டும், எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை காலை அம்மா என்ன சாப்பிட்டார்?

உப்புவெளிக்காரன் | 15 மார்ச், இரவு 8.52

வெள்ளி விரதம். பத்திரகாளி கோயிலுக்குப் போய் வந்து ஒரு நேரம்தான் சாப்பிடுவார், அதுவும் பகலில். காலையில் குளிசையையும் எடுத்து, சூரணத்தையும் வெந்நீரில் கலக்கிக் குடித்துவிட்டு, வெறும் வயிற்றோடு போயிருக்கிறார். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமையும் அப்படித்தான், அன்றைக்கும் "கொஞ்சம் தலை சுற்றியது, வெயில் என்று நினைத்தேன்" என்கிறார். இப்போதுதான் சொல்கிறார்.

பரியாரி பேத்தி | 15 மார்ச், இரவு 9.10

அப்படியானால் சூரணத்தில் எதுவும் கலக்காமலே இது நடந்திருக்க முடியும். கலந்திருக்கவில்லை என்றும் சொல்லமாட்டேன். ஜனவரியில் இருந்து எத்தனையோ வெள்ளிக்கிழமை போயிருக்கிறது, ஏன் சூரணம் தொடங்கிய பிறகு மட்டும் இரண்டு தடவை? வெந்தயம் குளிசையோடு சேர்ந்து இன்னும் கொஞ்சம் இறக்கியிருக்கலாம். பொதியை எத்தனை தடவை படித்தாலும் அது இதைச் சொல்லாது.

செய்யவேண்டியது, சூரணத்தை நிறுத்துங்கள், ஆனால் எறியவேண்டாம். உள்தாளோடு சேர்த்து இறுக்கிக் கட்டி அடுத்த கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள். விரதம் இருப்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், குளிசையின் நேரத்தை அவர்தான் மாற்றவேண்டும். இந்த வகைக் குளிசையால் சீனி இறங்கினால், சீனித் தண்ணீர் கொடுத்துத் தெளிந்த பிறகும் மீண்டும் இறங்கலாம். அடுத்த தடவை தெளிந்துவிட்டார் என்று வீட்டில் வைத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

உப்புவெளிக்காரன் | 16 மார்ச், காலை 7.20

கட்டி அலுமாரியில் வைத்துவிட்டேன். மூன்று உறையிலும் எது எதற்கு என்று தமிழில் பெரிதாக எழுதினேன். அம்மா பார்த்துவிட்டு, வெள்ளைக் குளிசை உறையில் "சாப்பிட்ட பிறகு கோயில்" என்றும் எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன்.

மூதூர் ரீச்சர் | 16 மார்ச், காலை 9.00

கடைக்காரன் தலை எண்ணெயைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டான். பாதி பூசிவிட்டேனாம்.

உப்புவெளிக்காரன் | 16 மார்ச், காலை 9.04

ரீச்சர், கதவுக் கீலுக்கு விடுங்கள். திரவ பாரஃபின் அதற்கு நல்லது.